விண்ணப்பக் கடிதத்தில் இடறும் மூன்று வினைகள்

அன்புள்ள மாணவருக்கு,

பயிற்சிப் பணிக்காக நீங்கள் எழுதி அனுப்பிய ஆங்கில விண்ணப்பக் கடிதத்தைப் படித்தேன். உங்கள் தகுதிகளைத் தெளிவாகவே எடுத்துரைத்திருக்கிறீர்கள். ஆனால் ஒருவர் இன்னொருவரின் செயலைப் பற்றி விரும்புவதையோ சொல்வதையோ எழுதிய மூன்று இடங்களிலும் வாக்கிய அமைப்பு பிழையாக வந்திருக்கிறது. இப்போதைக்கு இதை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, 'மை ஃபாதர் வாண்டட் தட் ஐ ஸ்டடி இன்ஜினியரிங்' என்ற வாக்கியம். 'நான் பொறியியல் படிக்க வேண்டும் என்று அப்பா விரும்பினார்' என்பதில் உள்ள 'என்று' உங்கள் கையில் 'தட்' ஆகிவிட்டது. சொன்னார், நினைத்தார், நம்பினார் போன்ற வினைகளுக்கு இந்த வழி பொருந்துவதால், எல்லா வினைக்கும் பொருந்தும் என்று எண்ணுவது இயல்பே. 'வாண்ட்' அப்படி 'தட்' வாக்கியத்தை ஏற்பதில்லை. அதற்குப் பின் ஆளைச் சொல்லி, அடுத்து 'டு' சேர்த்து வினையின் மூல வடிவத்தை எழுத வேண்டும்: 'மை ஃபாதர் வாண்டட் மீ டு ஸ்டடி இன்ஜினியரிங்.' படிக்கப்போகிறவர் நீங்களே என்றாலும், இங்கே நீங்கள் 'வாண்டட்' என்ற வினையின் செயப்படுபொருள். ஆகவே 'ஐ' வராது, 'மீ' வரும். 'வாண்டட்' இறந்தகாலத்தில் இருந்தாலும் 'ஸ்டடி' மாறாது. அதேபோல 'ஐ வாண்ட் ஹிம் டு கோ' என்றுதான் எழுத வேண்டும். 'ஐ வாண்ட் தட் ஹி கோஸ்' என்பது தவறு.

இரண்டாவது வாக்கியத்தில் நேர்மாறான பிழை இருக்கிறது: 'மை டீச்சர் சஜஸ்டட் மீ டு டேக் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.' 'வாண்ட்' ஏற்கும் அமைப்பை 'சஜஸ்ட்' ஏற்காது. 'மை டீச்சர் சஜஸ்டட் தட் ஐ டேக் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்று எழுதலாம். உங்கள் அமைப்பையே வைத்துக்கொள்ள விரும்பினால் வினையை மாற்றி 'அட்வைஸ்டு மீ டு டேக்' என்று எழுதலாம். மூன்றாவதான 'ஐ ஹோப் யூ டு கன்சிடர் மை அப்ளிகேஷன்' என்பதும் இதே வகைப் பிழைதான். 'ஐ ஹோப் தட் யூ வில் கன்சிடர் மை அப்ளிகேஷன்' என்பதே சரி. 'ஹோப்' இருக்கும் இடத்தில் 'எக்ஸ்பெக்ட்' போட்டால் இலக்கணம் சரியாகிவிடும் என்று யாரேனும் சொல்லக்கூடும். இலக்கணம் சரியாகும், ஆனால் வேலை கேட்டு எழுதும் கடிதத்தில் 'ஐ எக்ஸ்பெக்ட் யூ டு கன்சிடர்' என்பது கட்டளை போல ஒலிக்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

'வாண்ட்', 'ஹோப்' இரண்டும் பொருளில் நெருக்கமானவை. 'அட்வைஸ்', 'சஜஸ்ட்' இரண்டும் அப்படியே. ஆயினும் அவற்றின் அமைப்பு வேறு. எனவே பொருளை மட்டும் வைத்து அமைப்பை ஊகிக்க முடியாது. ஒவ்வொரு வினையையும் அது ஏற்கும் அமைப்போடு சேர்த்தே கற்க வேண்டும். ஆஸ்க், அலவ், என்கரேஜ், இன்வைட், ரிமைண்ட், ஃபோர்ஸ் ஆகியவை ஆளையும் 'டு' வினையையும் ஏற்கும். சே, இன்சிஸ்ட், டிமாண்ட் ஆகியவை 'ஹோப்', 'சஜஸ்ட்' போல அந்த அமைப்பை ஏற்காதவை. 'மேக்', 'லெட்' இரண்டும் ஆளை ஏற்றாலும் 'டு'வை விட்டுவிடும்: 'தே லெட் மீ லீட் தி டீம்.'

சில வினைகள் இரண்டு அமைப்பையும் ஏற்கும். அங்கே பொருள் மாறிவிடும். 'ஐ பெர்ஸுவேடட் ஹிம் டு கோ' என்றால் நான் பேசி அவரைப் போகச் செய்தேன். 'ஐ பெர்ஸுவேடட் ஹிம் தட் இட் வாஸ் சேஃப்' என்றால் ஒரு செய்தியை அவர் நம்பும்படி செய்தேன். முன்னது செயலைக் குறிக்கிறது, பின்னது நம்பிக்கையைக் குறிக்கிறது.

விண்ணப்பக் கடிதங்களில் செயப்பாட்டு வாக்கியம் அடிக்கடி வரும் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஐ வாஸ் ஆஸ்க்டு டு லீட்', 'ஐ வாஸ் அட்வைஸ்டு டு டேக்' என்பவை சரி. 'ஐ வாஸ் சஜஸ்டட் டு டேக்' என்பது பலரும் எழுதும் பிழை. 'வாண்ட்' இங்கே ஒரு விதிவிலக்கு: ஆளையும் 'டு' வினையையும் ஏற்கும் வினைதான் என்றாலும் 'ஐ வாஸ் வாண்டட் டு ஸ்டடி' என்று அதை எழுத முடியாது. அத்தகைய இடத்தில் 'ஐ வாஸ் எக்ஸ்பெக்டட் டு ஸ்டடி' என்று மாற்றிக்கொள்ளலாம்.

கடிதத்தைத் திருத்தும்போது, ஒருவரின் விருப்பமோ சொல்லோ இன்னொருவரின் செயலோடு சேரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். பிறகு அந்த வினைகளைக் கற்போருக்கான ஆங்கில அகராதியில் பாருங்கள். ஒவ்வொரு வினையின் கீழும் அது ஏற்கும் அமைப்பு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தரப்பட்டிருக்கும். திருத்திய படியை அனுப்புங்கள்; அடுத்து உங்கள் செயல்திட்டத்தைப் பற்றிய பத்தியைப் பார்ப்போம்.