பெரும்பங்கு கொடுப்பவர்தான் காரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

கேள்வி: அப்பா, அம்மாவுக்கு நானும் தம்பியும் சேர்ந்து கார் வாங்கித் தருவதாக முடிவு செய்திருக்கிறோம். நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன், எனக்கு வருமானம் அதிகம். தம்பி பெற்றோருடன் இருக்கிறான், காரை ஓட்டப்போவதும் அவன்தான். விலையில் மூன்றில் இரண்டு பங்கை நான் தருகிறேன், ஆகையால் எந்தக் கார் என்பதை நானே தீர்மானிக்கிறேன் என்று சொன்னேன். அன்று முதல் அவன் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நான் சொன்னதில் என்ன தவறு?

பதில்: தொகையைப் பற்றி நீங்கள் சொன்னதில் தவறில்லை. வருமானம் கூடுதலாக உள்ளவர் கூடுதலாகத் தருவது நியாயமானதுதான். ஆனால் நீங்கள் பங்கு பிரித்தது வாங்கும் நாளின் செலவை மட்டுமே. அதற்குப் பிறகு எரிபொருள், காப்பீடு, சர்வீஸ், டயர், பேட்டரி என்று ஆண்டுதோறும் வரும் செலவையும், பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் காத்திருந்து திரும்ப அழைத்துவரும் நேரத்தையும் யார் ஏற்கப்போகிறார் என்பதை நீங்கள் சொல்லவில்லை. அவை தன் தலையில்தான் விழும் என்று தெரிந்த தம்பிக்கு, தேர்விலும் இடமில்லை என்பது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவரின் மகன்கள் இருவர் இதே சிக்கலைப் பேசித் தீர்த்தபோது நானும் உடனிருந்தேன். மூத்தவர் எடுத்த எடுப்பிலேயே, "நான் அறுபத்தைந்து தருகிறேன், நீ முப்பத்தைந்து தந்தால் போதும்" என்றார். விலையை நூறு பங்காக வைத்துக்கொண்டு அவர் சொன்ன கணக்கு அது. இளையவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி அண்ணா. ஆனால் இந்தக் காரில் என் வேலைக்கும் நான் போவேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் வேறு யாரிடமிருந்தாவது கேள்விப்பட வேண்டாம்" என்றார். அன்றைய பேச்சைக் காப்பாற்றியது அந்த ஒரு வாக்கியம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். வீட்டில் நிற்கும் காரைப் பெற்றோருக்காக மட்டுமே எடுப்பேன் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, சொன்னால் அது நிலைக்கவும் செய்யாது.

அதன்பின் அவர்கள் செலவுகளை இரண்டாகப் பிரித்தார்கள். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவு ஒரு வகை. காப்பீடும் ஆண்டு சர்வீஸும் அதில் அடங்கும். குறைவாக ஓடும் காரில் பேட்டரியும் டயரும்கூடப் பெரும்பாலும் தேய்மானத்தால் அல்லாமல் வயதாவதால்தான் மாற்றப்படுகின்றன, ஆகையால் அவற்றையும் அதே வகையில் சேர்த்தார்கள். இந்தச் செலவை அதே அறுபத்தைந்துக்கு முப்பத்தைந்து என்ற விகிதத்தில் ஏற்பதாக முடிவாயிற்று. ஓடும் தூரத்தைப் பொறுத்த செலவு மற்றொரு வகை, அதாவது எரிபொருள். மாதம் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், அதில் அறுநூறு பெற்றோருக்காக, நானூறு தன் சொந்த வேலைக்காக என்று இளையவர் கணித்தார். நானூறுக்கான எரிபொருள் அவருடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மீதி அறுநூறையும் விகிதப்படி பிரிக்கலாம் என்று இளையவரே சொன்னபோது மூத்தவர் மறுத்து, "ஓட்டுகிற நேரம் உன்னுடையது, அதற்கு நான் விலை பேசப்போவதில்லை. எரிபொருளாவது முழுவதும் என்னுடையதாக இருக்கட்டும்" என்றார். இது கணக்குக்குச் சரிவராது என்று சிலர் சொல்லலாம், எனக்கு அது சரியாகவே பட்டது. நேரத்துக்குக் கூலி என்று பேசியிருந்தால் தம்பி புண்பட்டிருப்பார், நேரத்தைக் கண்டுகொள்ளாமலே விட்டிருந்தாலும் புண்பட்டிருப்பார்.

அறுநூறா எழுநூறா என்று பிறகு தகராறு வராமலிருக்க, காரிலேயே ஒரு சிறு நோட்டை வைத்தார்கள். சொந்த வேலைக்கு எடுக்கும்போது மட்டும், கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரில் உள்ள எண்ணை இளையவர் குறித்துவைப்பார். ஒவ்வொரு முறையும் டேங்கை முழுவதும் நிரப்பி, முந்தைய முறை நிரப்பியதிலிருந்து ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். அதற்கு மேல் எந்தக் கணக்கும் வேண்டியிருக்கவில்லை.

இனி, யார் தீர்மானிப்பது என்பதற்கு வருகிறேன். எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பைப் பணம் தரும் இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த வரம்புக்குள் எந்தக் கார் என்பதை அதில் ஏறி இறங்கப்போகிறவர்களின் முழங்காலும் இடுப்புமே சொல்லட்டும். அந்தச் சகோதரர்கள் மூன்று கார்களைப் பார்த்தார்கள். மூத்தவருக்குப் பிடித்திருந்த தாழ்ந்த காரில் அவர்களுடைய அம்மாவால் உட்கார முடிந்தது, ஆனால் எழும்போது கதவின் மேல் விளிம்பைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. உயரமான இரண்டாவது காரில் ஒரு காலைத் தூக்கி வைத்தபின் மற்றொரு கால் தரையைத் தேடியது. மூன்றாவதில் இருக்கை ஏறத்தாழ அவருடைய இடுப்பின் உயரத்தில் இருந்ததால், முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொள்ள முடிந்தது. ஒரே முறை ஏறிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாம் முறை இறங்கும்போதுதான் வலி தெரியும். ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பயன்படுத்துபவராக இருந்தால், அதை மடித்துப் பின்புறம் ஏற்றிப் பாருங்கள், அதையும் தம்பியே தூக்கிப் பார்க்கட்டும். கியர் கையால் மாற்றுவதா, தானே மாறுவதா என்பதும் ஓட்டுபவருடைய விருப்பம். அதில் நீங்கள் கருத்துச் சொல்லலாம், முடிவைத் தம்பியிடம் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு வரும் முடிவுகளுக்கும் ஒரு தொகை வரம்பு வேண்டும். அதற்குக் கீழான பழுதுகளைத் தம்பி உங்களைக் கேட்காமலே சரிசெய்துவிட்டுப் பிறகு ரசீதைக் காட்டினால் போதும், அதற்கு மேற்பட்டதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு சிறு பழுதுக்கும் வெளியூரில் இருப்பவரின் ஒப்புதலுக்காகக் கார் பட்டறையில் நிற்பதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. கையெழுத்திட்டவரிடம்தான் கடன் கொடுத்தவர் தவணையைக் கேட்பார், உங்கள் சகோதர ஒப்பந்தம் அவருக்குப் பொருட்டில்லை. இயன்றால் உங்கள் பங்கைக் கையிலிருந்தே கொடுத்துவிடுங்கள். காப்பீட்டுப் படிவத்தில் பெரும்பாலும் ஓட்டுபவர் யார் என்று கேட்டிருந்தால் தம்பியின் பெயரையே எழுதுங்கள், கட்டணம் குறைகிறது என்பதற்காக அப்பாவின் பெயரை எழுதிவிட்டால் விபத்து நேரும் நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம். கார் யார் பெயரில் என்பதில் என் கருத்து, அது பெற்றோருக்கான அன்பளிப்பு என்றால் அவர்கள் பெயரில் இருப்பதே தெளிவு. அப்படியானால் பிற்பாடு விற்று வரும் பணமும் அவர்களுடையதே, அதில் உங்கள் பங்கைத் திரும்பக் கேட்க முடியாது. இதை வாங்குவதற்கு முன்பே இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். இரு வீட்டு மனைவியரும் உடனிருந்து கேட்பது நல்லது.

தம்பியை அழைக்கும்போது பங்கைப் பற்றிய பேச்சோடு தொடங்காதீர்கள். "மாதத்தில் அப்பா, அம்மாவுக்காக எத்தனை நாள் ஓட்ட வேண்டியிருக்கும், உன் வேலைக்கு எத்தனை நாள் வேண்டும்?" என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். அம்மாவைக் காரில் உட்காரவைத்துப் பார்க்கும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு நீங்களும் அங்கே இருங்கள்.