பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரை, வயிற்றில் வந்த வினை

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 69 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பல்லில் சீழ் வைத்துவிட்டது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதால் கிளிண்டாமைசின் 7 நாள் கொடுத்தார்கள். அதை முடித்த ஆறாம் நாள் பேதி தொடங்கியது. இன்று நான்காம் நாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை தண்ணீராகப் போகிறது, அடிவயிறு வலிக்கிறது, லேசான காய்ச்சலும் இருக்கிறது. ஃபார்மசியில் லோபராமைட் வாங்கிக் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா, மருந்துச் சூடுதான், மோர் குடித்தால் போய்விடும் என்கிறார். – ஒரு மகள், பட்டர்வொர்த்

பதில்: லோபராமைட் வேண்டாம். கரி மாத்திரையும் வேண்டாம். அது மலத்தைக் கறுப்பாக்கிவிடும். அப்புறம் ரத்தம் போகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதல் வாக்கியமாக, “ஒன்பது நாளைக்கு முன்புதான் கிளிண்டாமைசின் முடித்தார்” என்று சொல்லுங்கள். அந்த மாத்திரை அட்டை வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால், வெளிச் சாப்பாட்டால் வந்த பேதி என்று நினைத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் எல்லோருக்கும் இப்படிப் பயப்படச் சொல்லவில்லை. பலருக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று தடவை இளகிப் போகும், மாத்திரை முடிந்த சில நாளில் தானே நின்றுவிடும். காய்ச்சல் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது. அதற்கு அக்கா சொன்ன மோர் போதும். உங்கள் அம்மாவுக்கு மாத்திரை முடிந்து ஐந்து நாள் நன்றாக இருந்துவிட்டு அப்புறம் தொடங்கியிருக்கிறது. காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்திருக்கின்றன. வயதும் 65-ஐத் தாண்டிவிட்டது. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் வருவது கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியின் மேல்தான். வார்டில் நாங்கள் சுருக்கமாக சி-டிஃப் என்போம்.

இந்தக் கிருமி உறை போட்ட வித்தாகக் குடலுக்குள் வந்து, ஒன்றும் செய்யாமல் கிடக்கக்கூடியது. நம் பெருங்குடலில் வாழும் நல்ல கிருமிகள், பித்தநீரில் வரும் அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த மாறிய அமிலம் இருக்கும்வரை சி-டிஃப் வளர முடியாது. கிளிண்டாமைசின் பல்லில் இருந்த கிருமியோடு குடலில் இருந்த அந்த நல்ல கிருமிகளையும் அழித்துவிடுகிறது. மாறாத பித்த அமிலம் தேங்குகிறது. வித்து முளைப்பதற்கு அதுவே தோதாகிவிடுகிறது. முளைத்த கிருமி இரண்டு வகை நச்சைச் சுரக்கும். அவை குடல் சுவரின் செல்களை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துவிடும், இடைவெளி வழியாகத் தண்ணீர் கசியும். பேதியையும் காய்ச்சலையும் உண்டாக்குவது அந்த நச்சுதான். எனவேதான் லோபராமைட் வேண்டாம் என்றேன். அது குடலின் அசைவைக் குறைக்கும், நச்சு உள்ளேயே தங்கிவிடும்.

சில வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 72 வயது, புக்கிட் மெர்தாஜாம் பக்கம். நெஞ்சுச் சளிக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் ஒரு வாரம் சாப்பிட்டவர். ஐந்தாறு நாள் கழித்து பேதி. வீட்டில் பேதி நிற்கும் மாத்திரையை மூன்று நாள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பேதி குறைந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அன்று சாயங்காலம் வயிறு உப்பிக்கொண்டே வந்தது, அவர் சரியாகப் பேசவில்லை. என்னிடம் வந்தபோது வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, வெள்ளை அணு 24,000. பேதி நின்றதற்குக் காரணம் நோய் குணமானதல்ல, குடல் அசைவதையே நிறுத்திவிட்டது. அறுவைச் சிகிச்சை மருத்துவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மருந்து கொடுத்தோம். குடலை எடுக்காமல் தப்பினார். அவர் மகன் அடுத்த நாள் என்னிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “பேதி நின்னா நல்லதுதானே டாக்டர்?” அவரைக் குறை சொல்ல முடியாது. அது நல்லதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனவே உங்கள் அம்மாவுக்குப் பேதி திடீரென்று குறைந்து வயிறு உப்பினால், வலி கூடினால், தலைசுற்றி விழப் பார்த்தால், சிறுநீர் குறைந்தால், ரத்தம் கலந்து போனால், கிளினிக் வரிசையில் உட்காராமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்றையும் இன்றே கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபோர்மினும், பிரஷருக்கு பெரிண்டோப்ரில் போன்றதும் சாப்பிடுகிறாரா? உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது பெரிண்டோப்ரில் சிறுநீரகத்துக்குத் தொல்லை தரலாம், மெட்ஃபோர்மின் உடம்பில் தேங்கிவிடலாம். பேதி நிற்கும்வரை எதை நிறுத்தி வைப்பது என்று மருத்துவர் சொல்லட்டும். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக இன்சுலினை. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு தடவை போனதும் ஒரு கோப்பை கொடுங்கள். நடுவில் உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கலாம்.

அடுத்து பரிசோதனை. மலத்தை எடுத்து கிருமியும் அதன் நச்சும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டப்பாவில் விட்டால் டப்பாவின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீராக இருக்கும் மலத்தைத்தான் கொடுக்க வேண்டும். பேதிக்கு மருந்து தொடங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. நச்சு சூட்டில் சீக்கிரம் சிதைந்துவிடும். நம் ஊர் வெயிலில் காரில் இரண்டு மணி நேரம் கிடந்த டப்பா, நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். உடனே லேபில் கொடுக்க முடியாவிட்டால் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். இதோடு ரத்தத்தில் வெள்ளை அணுவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்ப்பார்கள். வெள்ளை அணு 15,000-ஐ எட்டினாலோ, கிரியேட்டினின் ஏறியிருந்தாலோ நோய் கடுமை என்று எடுத்துக்கொள்வோம். அப்போது வார்டில் சேர்ப்பது நல்லது.

சி-டிஃப் என்று உறுதியானால், ஆன்டிபயாட்டிக்கால் வந்த நோய்க்கு மறுபடியும் ஆன்டிபயாட்டிக்கா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம், ஆனால் வேறு வகை. வாய்வழி வேங்கோமைசின் 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 4 வேளை, 10 நாள். இதே மருந்தை ஊசியாக ரத்தத்தில் ஏற்றினால் இந்த நோய்க்குப் பயன் இல்லை, ஏனென்றால் ரத்தத்திலிருந்து அது பெருங்குடலுக்குள் போய்ச் சேராது. குடித்தால் அப்படியே குடல்வழியே இறங்கும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. மருந்தகத்தில் ஊசிமருந்துக் குப்பியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தால் பயப்படாதீர்கள். 500 மில்லிகிராம் குப்பியை 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஒரு வேளைக்கு 2.5 மில்லி. கசப்பாக இருக்கும், கொஞ்சம் பழச்சாறு கலந்து கொடுக்கலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். ஃபிடாக்ஸோமைசின் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. நோய் திரும்புவது அதில் குறைவு, விலைதான் மிக அதிகம். லேசான நோய்க்கு மெட்ரோனிடசோல் கொடுப்பதும் உண்டு. மற்ற இரண்டும் கிடைக்காதபோது அது பரவாயில்லை, ஆனால் உங்கள் அம்மாவின் வயதுக்கு நான் வேங்கோமைசினைத்தான் கேட்பேன். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். பேதி முழுக்க நிற்க ஒரு வாரம்கூட ஆகலாம். நின்றுவிட்டதே என்று ஐந்தாம் நாள் மருந்தை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது கழிவறைதான். பையில் வைத்திருக்கும் கைத்துடைப்பு ஜெல் இந்த வித்தைக் கொல்லாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் அது கையை விட்டுப் போய்விடும். அம்மாவும் கழுவ வேண்டும், அவரைச் சுத்தம் செய்யும் நீங்களும், சமைக்கும் முன் இன்னொரு தடவையும். இரண்டு கழிவறை இருந்தால் ஒன்றை அம்மாவுக்கு விட்டுவிடுங்கள். ஒன்றுதான் என்றால் இருக்கை, ஃபிளஷ் பிடி, குழாய்த் திருகு, தண்ணீர் ஹோஸின் கைப்பிடி எல்லாவற்றையும் முதலில் சோப்பால் துடைத்துவிட்டு, ஒரு பங்கு குளோராக்ஸ் வகை பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். ஹோஸ் கைப்பிடியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பிளீச்சோடு வேறு எந்த கழிவறை மருந்தையும் கலக்காதீர்கள், புகை நெஞ்சை அடைக்கும்.

குணமானதும் மறுபடி மலத்தைச் சோதித்து “கிருமி போய்விட்டதா” என்று பார்க்கத் தேவையில்லை. பேதி நின்ற பிறகும் பல வாரம் சோதனை பாசிட்டிவாகவே வரலாம். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நீட்டுவது நல்ல கிருமிகளுக்கு மறுபடி கெடுதல்.

பென்சிலின் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். அது ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் கிளிண்டாமைசின் வந்தது. சிறு வயதில் வந்த ஏதோ ஒரு தடிப்பை வைத்து அட்டையில் எழுதிவிட்டு, அப்புறம் யாரும் கேட்காமல் விடுவது நடக்கிறது. அப்படி எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு சோதித்துப் பார்த்தால் ஒவ்வாமை இருப்பதில்லை. உடம்பு தேறிய பிறகு ஒவ்வாமை பார்க்கும் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். வயிற்று எரிச்சலுக்கு ஒமெப்ரசோல் சாப்பிடுகிறார் என்றால், அதுவும் இன்னும் தேவையா என்று கேளுங்கள். சி-டிஃப் வருபவர்களில் பலர் அதை நெடுநாளாகச் சாப்பிட்டுவருகிறவர்கள்.

முதல் தடவை குணமானவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நோய் திரும்புகிறது, பெரும்பாலும் மருந்து முடிந்த முதல் எட்டு வாரத்துக்குள். நான் சொன்ன பெரியவருக்கும் மூன்றாவது வாரம் திரும்பியது. அப்போது வேங்கோமைசினை ஒரேயடியாக நிறுத்தாமல், 4 வேளையாகத் தொடங்கி, பிறகு 2 வேளை, பிறகு 1 வேளை, அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை என்று பல வாரமாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். அதோடு நின்றது. அதற்கும் அடங்காதவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த கிருமிகளைக் குடலில் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

வேங்கோமைசின் முடியும் நாளிலிருந்து எட்டு வாரத்தை அடுப்படி நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அதற்குள் ஒரே நாளில் மூன்று தடவை தண்ணீராகப் போனால், டப்பாவோடு அன்றைக்கே போங்கள். அதற்குள் வேறு யாராவது சளிக்கோ பல்லுக்கோ ஆன்டிபயாட்டிக் எழுதினால், எழுதும் முன்பே “அம்மாவுக்கு சி-டிஃப் வந்திருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள்.