செத்தவற்றுக்கு முறை கொடுக்காதீர்கள்

> ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ மாதிரி எழுதுகிறேன். ஒரு ஃபிரேமுக்கு ஓர் எதிரியைத்தான் நகர்த்துகிறேன். ஆட்கள் குறைந்தும் வேகம் கூடவில்லையே?

செத்த எதிரிகளுக்கும் உங்கள் லூப் ஒரு ஃபிரேமைச் செலவழிக்கிறது என்று நினைக்கிறேன். 1978 ஒரிஜினலில் செத்ததைத் தாண்டி, உயிரோடு இருக்கும் அடுத்ததை அதே ஃபிரேமிலேயே பிடித்துவிடும். 8080 சிப்பால் 55 பேரையும் ஒரே ஃபிரேமில் வரைய முடியாது. அதனால்தான் ஆளுக்கொரு முறை. ஆட்கள் குறையக் குறைய முறை சீக்கிரம் வரும், வேகம் தானாகக் கூடும்.

```
do i = (i+1) % 55;
while (!alive[i]);
```

சோதிக்க: 55 பேரும் இருக்கும்போது கூட்டம் ஓர் அடி வைக்க ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பத்துப் பேர் என்றால் நொடியில் ஆறில் ஒரு பங்கு. கடைசி ஆள் ஒவ்வொரு ஃபிரேமும் நகர்வான், தலைதெறிக்க.

இதெல்லாம் 60 ஹெர்ட்ஸ் கணக்கு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆட்டமே தறிகெட்டு ஓடும், டைமரில் கட்டுங்கள். அப்புறம், எல்லோரும் செத்தபின் மேலே உள்ள லூப் முடியாமல் சுற்றும். எண்ணிக்கையை முதலில் பாருங்கள்.