“நான் சாப்பிட நாலரை ஆகிடுது, அது பரவாயில்லை”

அக்கா, என் மகளுக்கு ஏழு வாரம். எனக்கு அம்மா இல்லாததால் பிரசவத்துக்கும் மஞ்சக்குப்பத்தில் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டேன். 6 மணிக்குக் குளியல், 8-க்குச் சமையல், 10-க்குத் துணி என்று அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒரு நாள்கூட நடக்கவில்லை. பாப்பா எப்போது எழுவாள் என்றே தெரியவில்லை. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை மடியை விட்டு இறங்குவதில்லை. மாமியார் பால்சுறா வாங்கிப் புட்டு செய்கிறார். மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் கணவருக்குப் பரிமாறிவிட்டு, துணியும் அலசிவிட்டு நான் சாப்பிட நாலரை ஆகிவிடுகிறது, அது பரவாயில்லை. அட்டவணையை எப்படி மாற்றினால் சரிவரும்?
– ஒரு வாசகி, கடலூர்

அது எப்படிம்மா பரவாயில்லை? காலையில் எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிடுகிறாய் என்றே வைத்துக்கொள்வோம், அடுத்த சோறு நாலரைக்கு. நடுவில் எட்டரை மணி நேரம். அதற்குள் உன் மகள் மூன்று முறையாவது பால் குடித்திருப்பாள். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். அது ஒரு வேளைச் சாப்பாடு. நீயோ இருக்கிற வேளையையே தள்ளிப்போடுகிறாய். பால்சுறாவைத் தேடி வாங்கிப் புட்டு செய்கிற மாமியார், அது யாருக்காகச் செய்தோமோ அவள் வாயில் ஆறிப்போய் விழுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா? உன் அம்மா இருந்திருந்தால் இருப்பாளா?

இந்த ஒன்றைச் சரிசெய்தால் உன் அட்டவணையும் தானாகச் சரியாகிவிடும். ஏழு வாரக் குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். விழித்தால் ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம். அப்புறம் தூங்கும், இருபது நிமிடமோ இரண்டு மணியோ. அதனால் மணியை எழுதாதே, வரிசையை எழுது. எழுந்ததும் பால், பிறகு ஏப்பம், துணி மாற்றுவது, கொஞ்சம் கொஞ்சல், தூக்கம். அவள் தூங்கியதும் முதல் பதினைந்து நிமிடம் உன் சாப்பாடு. மிச்சம் நேரம் கிடைத்தால்தான் மற்ற வேலை.

ஒரு காலையைப் போட்டுப் பார். 5.50-க்கு எழுகிறாள். பால் குடித்து, விளையாடி, 7.10-க்குத் தூங்குகிறாள். நீ உடனே இட்லியை எடுத்து உட்காருகிறாய். 7.35-க்கே அழுகிறாள். உன் பழைய வழக்கப்படி முதலில் துணி அலசப் போயிருந்தால் துணியும் பாதி, பசியும் முழுசு. இப்போது வயிறு நிறைந்துவிட்டது, துணி அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். அடுத்த தூக்கத்தில் ஒரு டம்ளர் பாலும் கடலை உருண்டையும், அதற்குப் பிறகு காய் நறுக்கு. பாதியில் விட்டாலும் கெடாத வேலையைத்தான் உன் கையில் வைத்துக்கொள். பகலில் அடுப்பு மாமியார் பொறுப்பு. பதினொன்றரைக்கோ பன்னிரண்டரைக்கோ அவள் தூங்குகிறபோது, புட்டு சூடாக இருக்கையில், நீ முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். வீட்டு ஆண் வருவதற்கு முன் சாப்பிடுவது மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால், பால் கொடுப்பவளைப் பட்டினி போடுவதுதான் குடும்பத்துக்கு மரியாதைக் குறைவு என்று நான் சொன்னதாகச் சொல்.

மாத்திரையையும் இந்த வேளைகளோடு முடிந்து வை. பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் இரும்புச் சத்தும் கால்சியமும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, காலைச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம், மதியத்துக்குப் பின் இரும்பு, இரவு மறுபடி கால்சியம். இரும்பு மாத்திரையை ஒட்டி காபி வேண்டாம். சாப்பாடு நாலரைக்குப் போனால் இதில் ஒன்று விட்டுப்போகும், அதுதான் இப்போது நடந்துகொண்டிருக்கும்.

சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை மடியை விட்டு இறங்காதது உன் தப்பில்லை, பால் பற்றாததும் இல்லை. இந்த வயதில் பல குழந்தைகள் மாலையில் அடுத்தடுத்துப் பால் கேட்கும். அழுகையும் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும். பால் போதுகிறதா என்பதற்கு ஈரத் துணியை எண்ணு. நாளுக்கு ஆறு துணிக்குக் குறைந்தாலோ, பால் குடிக்கக்கூட எழாமல் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போ.

சாயங்காலம் அந்த மூன்று மணி நேரத்தில் உனக்கு வேறு எந்த வேலையும் எழுதாதே. மூன்று மணிக்கு வருகிறவர் ஹாட்பாக்ஸைத் திறந்து தானே போட்டுச் சாப்பிடட்டும். பிறகு துணியை அலசி மாடியில் உலர்த்தட்டும். ஐந்தரைக்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்ற வேண்டியதும் அவர்தான். இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்.