செக்அவுட்டில் விலையைக் காட்டும் விதத்தை மாற்றினோம்: ஆர்டர் கூடியது நிஜமா, தற்செயலா?

கேள்வி: குன்னூரிலிருந்து தேயிலையும் யூகலிப்டஸ் தைலமும் ஆன்லைனில் விற்கிறோம். செக்அவுட்டில் பாதிப் பேருக்கு ‘தேயிலை ₹420, கூரியர் ₹60’ என்று பிரித்துக் காட்டினோம் (ஏ). மீதிப் பேருக்கு ‘கூரியர் உட்பட ₹480’ என்று ஒரே தொகையாகக் காட்டினோம் (பி). ஒரு வாரத்தில் ஏ பக்கம் 412 பேரில் 124 ஆர்டர், பி பக்கம் 398 பேரில் 143 ஆர்டர். நடுவில் ஒரு நாள் டாஷ்போர்டு ‘பி வென்றது’ என்று காட்டியது. இப்போதே பி-க்கு மாறிவிடலாமா?

பதில்:

இன்னும் மாறாதீர்கள். கோத்தகிரியில் இருந்துகொண்டு, மலையிலிருந்து பொருள் அனுப்பும் சில சின்னக் கடைகளுக்கு இந்தக் கணக்கைத்தான் பார்த்துக் கொடுக்கிறேன். உங்கள் எண்களில் ஒரு நல்ல அறிகுறி இருக்கிறது. ஆனால் அதை வைத்து முடிவெடுக்க ஒரு வாரம் போதாது.

முதலில் சோதனை நியாயமாக நடந்ததா என்று பார்த்துவிடுவோம். நியாயமாக நடக்காத சோதனையின் எண்ணை எவ்வளவு அலசினாலும் பயன் இல்லை.

ஏ பக்கத்தில் பணம் கட்டும் பட்டனுக்கு முன்பே ‘மொத்தம் ₹480’ என்ற வரி தெரிகிறதா? தெரியாமல், முகவரி எல்லாம் நிரப்பிய பிறகு அந்த 60 ரூபாய் முளைக்கிறது என்றால், நீங்கள் ஒப்பிட்டது காட்டும் விதத்தை அல்ல. ஒளித்த விலையை ஒளிக்காத விலையோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். சட்டப்படியும் அது சிக்கல். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதில் டெலிவரி முதலிய கட்டணங்கள் என்னென்ன என்ற பிரிவையும் காட்டச் சொல்கின்றன. கட்டணத்தைக் கடைசியில் சொருகும் பழக்கத்தை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் ‘டிரிப் பிரைசிங்’ என்று பெயர் சொல்லியே தடுக்கின்றன. ஆகவே இரண்டு பக்கமும் மொத்தமும் பிரிவும் இருக்கட்டும். ஏ-யில் பிரிவு மேலே, மொத்தம் கீழே. பி-யில் மொத்தம் பெரிய எழுத்தில் மேலே, அதன் கீழே சிறியதாக ‘தேயிலை 420 + கூரியர் 60’. வாடிக்கையாளர் கட்டும் பணம் இரண்டிலும் ஒன்றே. மாறுவது கண்ணில் படும் வரிசை மட்டும்.

அடுத்தது, யாருக்கு எந்தப் பக்கம் என்பதை எங்கே தீர்மானிக்கிறீர்கள் என்பது. பொருள் பக்கத்தில் எல்லோருக்கும் ₹420 என்றுதான் இருக்கிறது, செக்அவுட்டில் நுழையும்போதுதான் பிரிக்கிறீர்கள் என்றால், செக்அவுட்டுக்கு வந்தவர்களை வைத்து வகுப்பது சரி. பொருள் பக்கத்திலேயே ஒரு பாதிக்கு ₹480 காட்ட ஆரம்பித்தால் கதை வேறு. அந்த விலையைப் பார்த்ததுமே சிலர் திரும்பிப் போயிருப்பார்கள். செக்அவுட் வரை வந்தவர்கள் ஏற்கெனவே மனதைத் தேற்றிக்கொண்டவர்கள், அவர்களில் அதிகம் பேர் வாங்கத்தான் செய்வார்கள். அப்படியானால் பொருள் பக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரையும் வைத்து வகுக்க வேண்டும். வித்தியாசம் முதன்முதலில் எங்கே கண்ணில் படுகிறதோ, அங்கிருந்துதான் எண்ணிக்கை தொடங்கணும்.

பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்கல் போடுவதும் தப்பு. ஒருவர் காலையில் பிரித்த விலையையும், இரவில் ஒரே தொகையையும் பார்த்தால் குழம்புவார், உங்கள் கணக்கும் குழம்பும். ஆளுக்கு ஒரு அடையாளத்தை வைத்துப் பிரித்தால் அவர் எத்தனை முறை வந்தாலும் ஒரே பக்கம்தான்:

```python
import hashlib
def pakkam(cid):
    s = "vilai-1:" + cid
    h = hashlib.sha256(s.encode()).hexdigest()
    return "B" if int(h, 16) % 2 else "A"
```

பிரிப்பு ஒழுங்காக நடந்ததா என்பதை உங்கள் எண்களே சொல்லிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 810 பேர். அதன் வர்க்கமூலம் சுமார் 28. இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதன் இரண்டு மடங்குக்குள், அதாவது 57-க்குள் இருந்தால் கவலை இல்லை. உங்களுடையது 14. நல்லது. இதுவே 450-க்கு 360 என்று வந்திருந்தால், ஆர்டர் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம், கோளாறைத்தான் தேடணும். பெரும்பாலும் ஒரு பக்கம் மெதுவாகத் திறந்து, எண்ணும் ஸ்கிரிப்ட் ஓடுவதற்குள் ஆள் வெளியேறியிருப்பார். அப்படி விடுபட்டவர்கள் சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவர்களும் பழைய போன் வைத்திருப்பவர்களும்தான், அதனால் மிஞ்சியவர்களை ஒப்பிடுவது நியாயம் ஆகாது.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். ஏ-யில் 30.1 சதவீதம், பி-யில் 35.9 சதவீதம். இடைவெளி 5.8 புள்ளி. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதைச் சுற்றி எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பாருங்கள்:

```python
from math import sqrt
nA, xA, nB, xB = 412, 124, 398, 143
pA, pB = xA/nA, xB/nB
d = pB - pA
se = sqrt(pA*(1-pA)/nA + pB*(1-pB)/nB)
print(d - 1.96*se, d + 1.96*se)
```

விடை −0.006 முதல் 0.123 வரை. அதாவது பி-யின் உண்மையான பலன் 12 புள்ளி உயர்வாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அரைப் புள்ளி நஷ்டமாகவும் இருக்கலாம். உங்கள் தரவு இவற்றில் எதையும் மறுக்கவில்லை. பூஜ்யம் இந்த வரம்புக்குள் இருக்கும்வரை ‘பி வென்றது’ என்று சொல்ல முடியாது. ‘பி தோற்றது’ என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் நடுவில் டாஷ்போர்டு காட்டியது? அதுதான் பலர் விழும் குழி. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றே என்றாலும், தற்செயலால் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முடிவில் ஒரே முறை பார்த்தால், இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக நம்பும் வாய்ப்பு 5 சதவீதம். ஓடும்போதே சீரான இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, எப்போது ‘வென்றது’ என்று வந்தாலும் அங்கேயே நிறுத்துவது என்று வைத்தால், அந்த வாய்ப்பு 14 சதவீதம் ஆகிவிடும். பத்து முறை பார்த்தால் 19. தினமும் காலையில் டீயோடு டாஷ்போர்டைத் திறப்பவர் எவ்வளவு சுலபமாக ஏமாறுவார் என்று இதிலேயே தெரியும். நடுவில் பார்ப்பது பக்கம் உடைந்திருக்கிறதா, பேமென்ட் ஓடுகிறதா என்பதற்கு மட்டும். நிறுத்தும் நாளைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடணும்.

அந்த நாள் எது? அதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஒரு பக்கத்துக்குத் தேவையான ஆட்கள்:

```
n = 16 × p × (1 − p) / d²
```

p என்பது இரண்டு விகிதங்களின் சராசரி, d என்பது நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் குறைந்தபட்ச வித்தியாசம். 30 சதவீதம் 35 ஆனால்தான் மாற்றுவது உங்களுக்கு லாபம் என்றால், p = 0.325, d = 0.05. ஒரு பக்கத்துக்கு சுமார் 1,400 பேர் தேவை. உங்களுக்கு வாரத்துக்கு ஒரு பக்கம் 400 பேர் வருகிறார்கள், ஆக நான்கு வாரம். 3 புள்ளி வித்தியாசத்தையும் பிடிக்கணும் என்றால் 3,800 பேருக்கு மேல் தேவை, பத்து வாரம் ஓடும். இந்த அளவில் ஓட்டினால், அந்த வித்தியாசம் நிஜமாகவே இருக்கும் பட்சத்தில் அதைப் பிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம். முழு வாரங்களாகவே ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்குபவரும் செவ்வாய்க்கிழமை வாங்குபவரும் ஒரே மாதிரி இல்லை, சம்பளம் வந்த வாரமும் மாதக் கடைசியும் ஒன்றல்ல.

நம் ஊருக்கு இதில் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு வந்து, கடையில் டீ குடித்துப் பார்த்து, வீட்டுக்குப் போய் ஆர்டர் போடுபவர்கள் ஒரு வகை. அவர்களுக்குச் சுவை தெரியும், 60 ரூபாய் எங்கே எழுதியிருந்தாலும் வாங்குவார்கள். விளம்பரத்தைப் பார்த்து முதல்முறை வருபவர்கள் இன்னொரு வகை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுவதால் சீசன் உங்கள் ஒப்பீட்டைக் கெடுக்காது. ஏ-யை மே மாதமும் பி-யை ஜூன் மாதமும் ஓட்டியிருந்தால்தான் கெட்டிருக்கும். ஆனால் சீசனில் கிடைத்த பலன் மழைக்காலத்திலும் அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, ‘ஆர்டர்’ என்று எதை எண்ணுகிறீர்கள்? இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன். நான்கு வாரம் முடிந்து ஏ-யில் 1,640 பேரில் 500 ஆர்டர், பி-யில் 1,620 பேரில் 551 ஆர்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 3.5 புள்ளி. வரம்பு 0.3 முதல் 6.7 வரை. முதல் வாரத்து 5.8 சுருங்கிவிட்டது, ஆனால் பூஜ்யம் வெளியே போய்விட்டது. இப்போது பி வென்றது என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். உங்களிடம் கேஷ் ஆன் டெலிவரி இருக்கிறது அல்லவா? ஏ-யில் 38 பார்சலும் பி-யில் 72 பார்சலும் வாங்க ஆளில்லாமல் மலையேறித் திரும்பி வந்தால், கைக்குப் பணம் வந்த ஆர்டர் ஏ-யில் 462, பி-யில் 479 மட்டும். இடைவெளி 1.4 புள்ளி, வரம்பு −1.7 முதல் 4.5 வரை. பூஜ்யம் மறுபடி உள்ளே வந்துவிட்டது. அதோடு திரும்பிய ஒவ்வொரு பார்சலுக்கும் போகும் கூரியர் செலவும் வரும் செலவும் உங்கள் தலையில்.

அதனால் ‘வாடிக்கையாளர் பெற்றுக்கொண்ட ஆர்டர்’ என்பதையே அளவுகோலாக இன்றே எழுதி வையுங்கள். முன்பணம் கட்டியவர்களையும் கேஷ் ஆன் டெலிவரி கேட்டவர்களையும் பிரித்துவிடாமல் ஒன்றாகவே எண்ணுங்கள். விலை காட்டும் விதமே ஒருவரை எந்தக் கட்டண முறையின் பக்கம் தள்ளுகிறது என்பதையும் மாற்றக்கூடும், பிரித்து எண்ணினால் அந்தப் பாதிப்பு மறைந்துவிடும். சோதனையை நிறுத்திய பிறகும், கடைசி நாள் பார்சல்கள் போய்ச் சேரவோ திரும்பவோ இரண்டு மூன்று வாரம் காத்திருந்துதான் கணக்கை மூடணும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஏற்கெனவே ஓடிய ஒரு வாரத்தைத் தனியே வைத்துவிடுங்கள். நடுவில் முடிவைப் பார்த்துவிட்டதால் அதைப் புதுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு பக்கத்திலும் மொத்தமும் பிரிவும் இருக்கும்படி திருத்திவிட்டு, கோடில் உள்ள ‘vilai-1’-ஐ ‘vilai-2’ என்று மாற்றினால் ஆட்கள் புதிதாகக் கலைந்து பிரிவார்கள். ஒரு திங்கட்கிழமை தொடங்கி நான்கு முழு வாரம் ஓட்டுங்கள். முடிவில் வரம்பு பூஜ்யத்தைத் தாண்டவில்லை என்றால், உங்கள் கடை அளவுக்கு இந்த மாற்றத்தால் பெரிய லாபம் இருப்பதாகக் காட்ட முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு, எது படிக்கச் சுலபமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கோயம்புத்தூர் ஆட்கள் மட்டும், பெண்கள் மட்டும், ஐபோன் மட்டும் என்று வெட்டி வெட்டிப் பார்த்து ஒரு வெற்றியைத் தேட வேண்டாம். இருபது துண்டாக வெட்டினால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஏதாவது ஒரு துண்டு வென்றதாகக் காட்டுவது சகஜம்.