தட்டச்சு செய்த பக்கத்தை எந்த வடிவத்தில் சேமிப்பது?

கேள்வி: பழைய சங்க விதிப் புத்தகம் ஒன்றைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன். தலைப்புகளும் எண் பட்டியல்களும் உண்டு. வெறும் உரையா, மார்க்டவுனா, ஹெச்டிஎம்எல்லா?

பதில்: மார்க்டவுனில் செய்யுங்கள். ஆனால் எண்களைக் கவனியுங்கள்.

வெறும் உரையில் எழுத்தும் எண்ணும் அப்படியே நிற்கும். ஆனால் எது தலைப்பு, எது சாதாரண வரி என்று மென்பொருளுக்குத் தெரியாது. பின்னால் பொருளடக்கம் எடுக்க முடியாது. தேடுவதற்கு மட்டும் என்றால் அதுவே போதும்.

மார்க்டவுனில் தலைப்புக்கு `##` போட்டால் முடிந்தது. சிக்கல் பட்டியலில்தான். விதிப் புத்தகங்களில் நீக்கிய விதியின் எண்ணை விட்டுவிட்டு 1, 2, 4 என்று அச்சிட்டிருப்பார்கள். நீங்களும் அப்படியே அடிப்பீர்கள். திரையில் 1, 2, 3 என்று வரும். மார்க்டவுன் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தானே எண்ணுகிறது. மூலக் கோப்பு சரியாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. ஆனால் ‘விதி 4-ன்படி’ என்று வேறிடத்தில் வரும் குறிப்பு தவறான விதியைக் காட்டும். ஆகவே திரையில் வரும் கடைசி எண்ணை அச்சுப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

எண் விட்டுப்போன பட்டியலை மட்டும் ஹெச்டிஎம்எல்லில் எழுதலாம், மார்க்டவுன் கோப்புக்குள்ளேயே:

```html
<ol>
<li>சந்தா</li>
<li>கூட்டம்</li>
<li value="4">தேர்தல்</li>
</ol>
```

சில தளங்கள் இந்தக் குறிகளை வடிகட்டிவிடும். முதலில் ஒரு பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் இப்படிப் பட்டியல் இருந்தாலோ, கட்டங்கள் இணைந்த அட்டவணைகள் வந்தாலோ, முழுவதையும் ஹெச்டிஎம்எல்லில் அடிப்பதுதான் சுலபம்.