ஏ.என்.எஸ். என்கிற தன்னியக்க நரம்பு மண்டலத்தின் மருந்துகளை ஒரே படத்தில் போட்டுப் படிக்க முடியுமா? எந்த உறுப்பில் எந்த ரிசெப்டார், எது தூண்டும், எது தடுக்கும் என்று எத்தனை முறை படித்தாலும் மறந்துபோகிறது.

முடியும். ஆனால் நீங்கள் இப்போது வைத்திருக்கும் படம் எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நடுவில் ஒரு மனித உருவம், ஒரு பக்கம் சிம்பதெடிக், மறு பக்கம் பாராசிம்பதெடிக், ஒவ்வொரு உறுப்புக்குப் பக்கத்திலும் நாலைந்து மருந்துப் பெயர்கள். நானும் அப்படி ஒன்றைத்தான் வரைந்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தேன். நான்கு வண்ணம், பெரிய தாள். வகுப்பில் பாதிப் பேர் அதைப் போட்டோ எடுத்துப் போனார்கள். அந்தப் பெருமையோடு வாய்மொழித் தேர்வான வைவாவுக்குப் போய் எப்படி மாட்டினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் படத்தைச் சரிசெய்வோம்.

என் படத்தில் அட்ரோபின் ஏழு இடத்தில் இருந்தது. கண், உமிழ்நீர்ச் சுரப்பி, இதயம், மூச்சுக்குழாய், குடல், சிறுநீர்ப்பை, வியர்வைச் சுரப்பி. ஏழு இடத்தில் எழுதினால் ஏழு தனித்தனிச் செய்தியாகத்தான் மூளை அதை வாங்கிக்கொள்ளும். அப்புறம் மறக்காமல் என்ன செய்யும்? மருந்தை உறுப்புக்குப் பக்கத்தில் எழுதவே கூடாது. உறுப்புக்குப் பக்கத்தில் ரிசெப்டாரின் பெயரும், அது தூண்டப்பட்டால் அந்த உறுப்பு என்ன செய்யும் என்பதும் மட்டும் போதும். மருந்துகளுக்குத் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். ஆல்ஃபா 1-க்கு எதிரே தூண்டுவது ஃபினைலெஃப்ரின், தடுப்பது பிரசோசின். பீட்டா 1-க்கு டொபுட்டமின், மெட்டோபிரோலால். பீட்டா 2-க்கு சால்பூட்டமால். அதை மட்டும் தனியாகத் தடுக்கும் மருந்து சிகிச்சையில் இல்லை, புரோபிரனலால் இரண்டு பீட்டாவையும் சேர்த்தே தடுக்கும். மஸ்கரினிக்குக்கு பைலோகார்பின், அட்ரோபின். ஒரு ரிசெப்டாருக்கு இரண்டு பெயருக்கு மேல் எழுதாதீர்கள். மற்ற மருந்துகள் பிறகு தானாக அந்தந்த வரிசையில் வந்து உட்காரும்.

இது வேலை செய்கிறதா என்று பார்க்கக் கண் ஒன்று போதும். ஐரிஸில் இரண்டு தசைகள். ஒன்று சக்கரத்தின் ஆரக்கால் போல வெளிநோக்கி ஓடுவது. அதில் ஆல்ஃபா 1. சுருங்கினால் கண்பாப்பா விரியும். இன்னொன்று சுருக்குப்பைக் கயிறு போலச் சுற்றி வருவது. அதில் மஸ்கரினிக் வகையில் ஒன்றான எம் 3. சுருங்கினால் பாப்பா குறுகும். மூன்றாவதாக உள்ளே இருக்கும் சிலியரி தசை. அதிலும் எம் 3தான். அது சுருங்கினால்தான் லென்ஸ் தடித்துப் பக்கத்துப் பொருள் தெளிவாகத் தெரியும்.

இப்போது இரண்டு பேருக்குப் பாப்பாவை விரிக்கிறோம். ஒருவருக்கு ஃபினைலெஃப்ரின் சொட்டு, மற்றவருக்கு ட்ரோபிகமைட். யாரால் கையில் இருக்கும் அச்செழுத்தைப் படிக்க முடியாது? மனப்பாடத்தில் தேட வேண்டாம், படத்தைப் பாருங்கள். ஃபினைலெஃப்ரின் போய் நிற்கும் ஒரே இடம் ஆரக்கால் தசை. சிலியரி தசையை அது தொடவில்லை, அதனால் படிப்பதில் தடையில்லை. வெளிச்சம் அடித்தால் பாப்பா ஓரளவு சுருங்கவும் செய்யும், ஏனென்றால் கயிற்றுத் தசைக்கு ஒன்றும் ஆகவில்லை. ட்ரோபிகமைட் எம் 3-ஐ அடைக்கிறது. கயிறு தளர்ந்து பாப்பா விரிகிறது, கூடவே சிலியரி தசையும் தளர்ந்துபோகிறது. எழுத்து மங்கும், வெளிச்சத்துக்கும் பாப்பா அசையாது. ஒரே விளைவு மாதிரி தெரிந்த இரண்டு மருந்துகளைப் படம் பிரித்துக் காட்டிவிட்டது. ட்ரோபிகமைட் சில மணி நேரத்தில் விட்டுவிடும், அட்ரோபின் சொட்டு ஒரு வாரமும் அதற்கு மேலும்கூட நிற்கும் என்பதைப் படம் சொல்லாது. அதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

அடுத்தது வண்ணம். நான் செய்த தப்பு, சிம்பதெடிக் நரம்புக்குச் சிவப்பு, அதன் முனையில் இருக்கும் ரிசெப்டாருக்கும் சிவப்பு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் வியர்வைச் சுரப்பிக்குப் போவது சிம்பதெடிக் நரம்பு, அங்கே கசிவது அசிடைல்கோலின், ரிசெப்டார் எம் 3. என் படத்தில் அதுவும் சிவப்பாகிவிட்டதால் நான் அதை அட்ரினர்ஜிக் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அட்ரோபின் கொடுத்தால் ஏன் தோல் வறண்டு உடம்பு சுடுகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. நரம்புக்கு ஒரு வண்ணம், ரிசெப்டாருக்கு வேறு வண்ணம் வையுங்கள். இரத்தக் குழாய்க்கு வரும்போது இது இன்னும் முக்கியம். பெரும்பாலான இரத்தக் குழாய்களுக்குப் பாராசிம்பதெடிக் நரம்பே போவதில்லை. ஆனால் உள்சுவரில் எம் 3 இருக்கிறது. ஊசி போட்டு இரத்தத்தில் அசிடைல்கோலினை ஏற்றினால் அது நைட்ரிக் ஆக்சைடை வெளியிடவைத்து குழாயை விரித்து அழுத்தத்தை இறக்கும். அதனால் அங்கே கோடு இழுக்காமல் வெறும் புள்ளி மட்டும் வையுங்கள். கம்பி இல்லாத ஸ்விட்ச். அட்ரோபினை மட்டும் கொடுத்தால் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை என்பதற்கு அந்தப் புள்ளிதான் விளக்கம். கம்பியே இல்லாத இடத்தில் துண்டிக்க என்ன இருக்கிறது?

சரி, வைவா. வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் மேடம் ஒரு தாளை என் முன் தள்ளினார். மூன்று வரைபடங்கள்: ஏ, பி, சி. ஒவ்வொன்றிலும் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும். நார்அட்ரினலின், அட்ரினலின், ஐசோபிரினலின் மூன்றையும் மெதுவாக ஏற்றியபோது எடுத்தவை, எது எது என்று சொல்லச் சொன்னார். ஏ-யில் சிஸ்டாலிக், டயஸ்டாலிக் இரண்டும் ஏறியிருந்தன, துடிப்பு இறங்கியிருந்தது. என் சுவர்ப் படம் கண் முன்னால் வந்தது. நார்அட்ரினலின் ஆல்ஃபாவையும் பீட்டா 1-ஐயும் தூண்டும். இதயத்தில் பீட்டா 1 இருக்கிறது. ஆகவே துடிப்பு ஏற வேண்டும். இறங்குகிற மருந்து இந்த மூன்றில் எதுவுமே இல்லை.

“மேடம், ஏ தப்பாகப் போட்டிருக்கிறார்கள்” என்றேன்.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “அப்படியா? சரிம்மா, இதே ஆளுக்கு முதலில் அட்ரோபின் கொடுத்துவிட்டு ஏ-யை ஏற்றினால் துடிப்பு என்ன ஆகும்?” என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. “போய்ப் படத்தில் ஒரு அம்புக்குறி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விட்டுப்போன அம்புக்குறி பேரோரிஃப்ளெக்ஸ். இரத்தக் குழாய் ஆல்ஃபா 1 வழியாக இறுகி அழுத்தம் ஏறினால், கழுத்துத் தமனியிலும் அயோர்ட்டா வளைவிலும் இருக்கும் உணரிகள் மூளைத்தண்டுக்குச் சொல்லும். அங்கிருந்து வேகஸ் நரம்பு இதயத்தின் எம் 2-ஐத் தூண்டித் துடிப்பைக் குறைக்கும், சிம்பதெடிக்கும் அடங்கும். நார்அட்ரினலின் பீட்டா 1-ஐத் தட்டுவது உண்மைதான், ஆனால் வேகஸின் பிரேக் அதை மிஞ்சிவிடுகிறது. அட்ரோபினை முதலில் கொடுத்தால் அந்த பிரேக் அறுந்துபோகும், துடிப்பு ஏறும். மேடம் கேட்டது இவ்வளவுதான். இரத்தக் குழாயிலிருந்து மூளைக்கு ஒரு கோடு, அங்கிருந்து இதயத்துக்கு ஒரு கோடு. இந்த இரண்டும் இல்லாத படம், உறுப்புகளைத் தனித்தனியாக வெட்டி மேசையில் வைத்தால் மட்டுமே உண்மையாக இருக்கும்.

மற்ற இரண்டும் பிறகு தானாகப் புரிந்தன. ஐசோபிரினலினுக்கு ஆல்ஃபாவே இல்லை. பீட்டா 2 தசைகளுக்குப் போகும் குழாய்களை விரிக்கிறது, டயஸ்டாலிக் நன்றாக இறங்குகிறது, பீட்டா 1-ம் ரிஃப்ளெக்ஸும் ஒரே திசையில் தள்ளுவதால் துடிப்பு எகிறுகிறது. அட்ரினலின் குறைந்த அளவில் பீட்டா 2-ஐ முதலில் பிடிக்கும், அதனால் சிஸ்டாலிக் ஏறும்போதே டயஸ்டாலிக் கொஞ்சம் இறங்கும். அளவைக் கூட்டினால் ஆல்ஃபா 1 முந்திக்கொள்ளும். அப்போது ஆல்ஃபாவை அடைத்துவிட்டு அதே அட்ரினலினைக் கொடுத்தால் எஞ்சியிருப்பது பீட்டா 2, அழுத்தம் ஏறாமல் இறங்கும். ஹென்றி டேல் 1906-இல் ஆல்ஃபாவை அடைக்கும் எர்காட் சத்தைக் கொடுத்துவிட்டுப் பார்த்தது இதைத்தான். ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்களே அப்போது இல்லை, 1948-இல் அல்குவிஸ்ட் கொடுத்தவை. பெயர் தெரியாமலே விளைவைப் பிரித்துக் காட்டியவரை நினைத்தால், எல்லாப் பெயரும் தெரிந்தும் தாளைத் தப்பு என்று சொன்ன என்னை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

இங்கே வழக்கமாக வந்து “இதெல்லாம் நேர விரயம், சுருக்கச் சொல் ஒன்றை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் வரும்” என்று எழுதுபவர்களுக்கு: வரும், மறுக்கவில்லை. ஒரு மதிப்பெண் கேள்விக்கு அதுதான் வேகம். படம் எல்லோருக்கும் ஒத்துவரும் என்றும் நான் சொல்லவில்லை. என் தோழி ஒருத்தி எதையுமே வரையாமல் வாய்விட்டுச் சொல்லியே படித்து என்னைவிட நன்றாகச் செய்தாள். ஆனால் மற்றவர் வரைந்ததைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள். என் படத்தை எடுத்துப் போனவர்களில் மூன்று பேர் வைவாவில் அதே அம்புக்குறி இல்லாமல் மாட்டினார்கள் என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது.

சொல்ல வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். அந்த ஆண்டு முழுக்க நான் படம் வரைந்ததில் பாதி நேரம் ரெகார்ட் நோட்டுக்குப் போனது. ஓரக்கோடு பென்சிலில் இருக்க வேண்டும், தலைப்பு கருப்பு மையில் மட்டும், ஒரு அடித்தல் இருந்தால் பக்கத்தையே கிழித்து மறுபடி எழுத வேண்டும். என் அட்ரோபின் பக்கத்தை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஓரக்கோட்டைத்தான் பார்த்தார்கள். வியர்வைச் சுரப்பி தப்பாக இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கிய அந்தத் தப்பு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

நீங்கள் படத்தை வரைந்து முடித்ததும் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஹெக்ஸாமெத்தோனியம் கொடுத்துவிட்டு நார்அட்ரினலின் ஏற்றினால் துடிப்பு ஏறுமா, இறங்குமா? ஹெக்ஸாமெத்தோனியம் நரம்பு முடிச்சுகளில் இருக்கும் நிகோடினிக் ரிசெப்டாரை அடைப்பது. மூளையிலிருந்து கிளம்பும் வேகஸ் செய்தி முடிச்சைத் தாண்டித்தான் இதயத்துக்குப் போக வேண்டும், வழி அடைபட்டுவிட்டது. எஞ்சியிருப்பது நார்அட்ரினலினின் பீட்டா 1 மட்டும். துடிப்பு ஏறும். உங்கள் கோடு முடிச்சில் நிற்காமல் மூளையிலிருந்து நேராக இதயத்துக்குப் போயிருந்தால் இறங்கும் என்றுதான் விடை வரும். அந்த இடத்தை அழித்து, நடுவில் ஒரு சின்ன வட்டம் போடுங்கள்.